2,514 வந்தால் பதினான்காம் வீடு: அடுக்கக வசூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இருபது, முப்பது வீடுகள் உள்ள அடுக்ககம் எதுவாக இருந்தாலும், மாத மெயின்டனன்ஸ் போக, தனி வசூல் ஒன்று எப்போதாவது வந்தே தீரும். போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது, சம்ப் கசிகிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் மழைநீர்க் கிணற்றைத் தூர்வார வேண்டும். பணம் வந்துவிடும். வந்தது யாருடையது என்பதுதான் பொருளாளருக்குத் தலைவலி. பாங்க் ஸ்டேட்மென்ட்டில் வரிசையாக 2,500, 2,500, 2,500 என்று இருக்கும். பெயரை வைத்துப் பார்க்கலாம் என்றால், கட்டடத்துக்கே ராஜி மாமி என்று தெரிந்தவர் பாங்கில் ராஜேஸ்வரி. பணத்தை அனுப்பியதோ பெங்களூரில் இருக்கும் மருமகன்.

இதற்குப் பலர் கையாளும் வழி எளிது. வீட்டுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணையே ரூபாயாகக் கூட்டிக் கட்டச் சொல்வது. பதினான்காம் வீட்டுக்காரர் 2,514 கட்டுவார். தொகையே ஆளைச் சொல்லிவிடும். யுபிஐ, நெஃப்ட், காசோலை எதில் வந்தாலும் தொகை மாறாது. செயலியில் எழுதும் குறிப்பு அப்படி இல்லை. அனுப்பியவர் "F2 மோட்டார்" என்று எழுதியிருப்பார். பாங்க் தரும் ஸ்டேட்மென்ட்டில் அது பாதியில் வெட்டுப்பட்டு வரலாம், வராமலே போகலாம். குறிப்பும் எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி வசூலைத் தொடங்குவது முதல் தவறு.

இரண்டாவது தவறு, கதவில் இருக்கும் எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொள்வது. நம் ஊர்க் கட்டடங்களில் G1, F2, S3, T4 என்றுதான் பெயர். இரண்டு பிளாக் இருந்தால் F2-வும் இரண்டு இருக்கும். "உங்கள் ஃபிளாட் நம்பரைச் சேர்த்துக் கட்டுங்கள்" என்றால் F2-காரரும் S2-காரரும் ஆளுக்கு 2,502 அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். 101, 304 என்று மூன்று இலக்க எண் உள்ள கட்டடத்தில் வேறு சிக்கல். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2,500, மூன்று படுக்கையறை வீட்டுக்கு 2,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,703 என்று ஒரு வரவு வந்தால் அது 203-ஆம் வீடா, 103-ஆம் வீடா? ஆகவே 1 முதல் வரிசையாகப் புது எண் கொடுங்கள். அடிப்படைத் தொகை நூறின் மடங்காக இருக்கட்டும், எண் 99-ஐத் தாண்ட வேண்டாம். வீடுகள் அதற்கு மேல் இருந்தால் அடிப்படைத் தொகை ஆயிரத்தின் மடங்காக இருக்க வேண்டும். கொடுத்த எண் வீட்டுக்குச் சொந்தம், குடியிருப்பவருக்கு அல்ல. வாடகைக்காரர் மாறினாலும் எண் மாறக் கூடாது.

சிலர் ரூபாய்க்குப் பதில் பைசாவில் வைக்கலாம் என்பார்கள். 2500.14 கட்டினால் யாருக்கும் கூடுதல் செலவில்லை, பார்க்கவும் நேர்த்தியாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒன்றாம் வீட்டுக்காரர் 2500.01 என்று அடிக்க வேண்டும். பாதிப் பேர் 2500.1 என்றுதான் அடிப்பார்கள். அது பத்து பைசா, அதாவது பத்தாம் வீட்டின் பணம். இப்படி 1-ம் 10-ம், 2-ம் 20-ம் கலந்துவிடும். போதாததற்கு, பைசாவைப் பார்த்ததும் "என்னப்பா இது" என்று முழு ரூபாயாக்கி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் உண்டு. எக்செல் ஷீட்டில் தசமத்தைக் காட்டாத அமைப்பு இருந்தால் எல்லாமே 2,500 ஆகத் தெரியும். ரூபாயிலேயே வையுங்கள்.

ரூபாயில் வைத்தால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "இருபத்து நாலாம் வீடு என்பதால் நான் மட்டும் ஏன் இருபத்து நாலு ரூபாய் அதிகம் தரணும்?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் வசூல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். அந்தக் கூடுதலை அடுத்த மாத மெயின்டனன்ஸில் கழித்துக்கொள்வது ஒரு வழி, பொது நிதியில் சேர்ப்பதாகக் கூட்டத்தில் சொல்லிவிடுவது இன்னொரு வழி. எதுவானாலும் கணக்குப் புத்தகத்தில் வரவு 2,514 என்றே ஏற வேண்டும். "அது அடையாளத்துக்குத்தானே" என்று 2,500 மட்டும் எழுதினால், 24 வீடுகளுக்கும் சேர்த்து 1 முதல் 24 வரை கூட்டிய 300 ரூபாய் புத்தகத்துக்கும் பாங்க் இருப்புக்கும் இடையே தொங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் அதைக் கேட்க ஒருவர் இருப்பார்.

இந்த முறை அதிகம் சொதப்புவது அறிவிப்பில்தான். "2,500 உடன் உங்கள் வரிசை எண்ணைக் கூட்டி அனுப்பவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, எல்லாரும் கூட்டல் செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பட்டியலைத் திறந்து பார்க்காமல் அனுப்புகிறவர்களே அதிகம். கணக்கை நீங்களே போட்டு, ஒவ்வொருவருக்கும் கட்ட வேண்டிய முழுத் தொகையை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்: "மாமா, உங்க வீட்டுக்கு மோட்டார் பணம் 2,514. இதே தொகையை, முழுசாக்காம அனுப்பிடுங்க." சூத்திரம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 24 வீடுகள். 1 முதல் 16 வரை இரண்டு படுக்கையறை, தலைக்கு 2,500. 17 முதல் 24 வரை மூன்று படுக்கையறை, தலைக்கு 3,000. அடிப்படைத் தொகை 64,000, அடையாள ரூபாய் 300, ஆக மொத்தம் 64,300 வர வேண்டும். கடைசித் தேதி முடிந்ததும் வந்திருப்பது 61,269. குறைவது 3,031. ஒரே ஒரு வீடு பாக்கி என்றால் வித்தியாசத்தின் கடைசி இரண்டு இலக்கம் அந்த வீட்டைக் காட்டியிருக்கும். 31 என்று வீடே இல்லை. எனவே ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறு.

ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் இறக்கி, தொகை C பத்தியில் இருந்தால், D பத்தியில் கடைசி இரண்டு இலக்கத்தை எடுக்கலாம்:

```
=MOD(C2,100)
```

பக்கத்தில் F பத்தியில் F2-இலிருந்து 1 முதல் 24 வரை எழுதி, ஒவ்வொரு எண்ணும் D-யில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ண வேண்டும்:

```
=COUNTIF(D:D,F2)
```

ஒன்று வந்தால் சரி. பூஜ்யம் வந்தால் அந்த வீட்டைத் தேட வேண்டும். இரண்டு வந்தால் அந்த எண்ணில் வந்த வரவுகளை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் கணக்கில் 7, 8, 12, 19 ஆகிய நான்குக்கும் பூஜ்யம். 15-க்கு இரண்டு. ஒரு வரவில் அடையாளமே இல்லை, வெறும் 2,500.

15-இல் வந்த இரண்டு வரவுகள் 2,515, 5,015. இரண்டாவதைப் பார்த்ததும் பதினைந்தாம் வீட்டுக்காரர் தவறுதலாக மீண்டும் கட்டிவிட்டார் என்று நினைத்துப் பணத்தைத் திருப்பி அனுப்பப் போய்விடாதீர்கள். 5,015 என்பது இரண்டு 2,500-உம் ஒரு 15-உம். பூஜ்யம் காட்டும் வீடுகளில் கூட்டினால் 15 வருகிற ஜோடி 7-ம் 8-ம் மட்டுமே. இரண்டுக்கும் ஒரே உரிமையாளர், சேர்த்து அனுப்பிவிட்டார். மிச்சம் 12-ம் 19-ம். அடையாளமில்லாத 2,500 மூன்று படுக்கையறை வீட்டுடையதாக இருக்க முடியாது, ஆகவே அது 12. பாக்கி வைத்திருப்பவர் 19 மட்டும்: 3,019. பன்னிரண்டாம் வீட்டில் விடுபட்ட 12-ஐயும் சேர்த்தால் குறைந்த 3,031 அப்படியே வந்துவிடுகிறது.

கணக்கு இவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும், 12-ஐ வரவு வைக்கும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். அடையாளமில்லாத 2,500 ஒன்றுக்குப் பதில் மூன்று இருந்திருந்தால் இந்த ஊகம் செல்லாது. அப்போது, குழுவில் முதலில் "அது என்னோடது" என்று சொன்னவர் பெயரில் எழுதிவிடுவது பெரிய தவறு. யுபிஐ வரவு ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் உண்டு. அதைக் கேட்டு ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடும் வரை அந்தப் பணம் "உரியவர் தெரியாதது" என்ற தலைப்பிலேயே கிடக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது என்பதற்காகவும் வரவு வைக்காதீர்கள். பணம் நம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். அனுப்பியவர் திரையில் பச்சை டிக் தெரிவது போதாது. இரண்டு வீடு வைத்திருப்பவரிடம் தனித்தனியாக அனுப்பச் சொல்வதும், தவணையில் கட்டுகிறவரிடம் ஒவ்வொரு தவணையும் அதே எண்ணில் முடியட்டும் என்று சொல்வதும் முன்கூட்டியே செய்ய வேண்டியவை.

ரொக்கத்துக்கு இந்த முறையே வேண்டாம். நான்கு வீட்டு ரொக்கத்தைச் சேர்த்து ஒரே தொகையாக பாங்கில் போட்டால், கடைசி இரண்டு இலக்கம் சம்பந்தமில்லாத வேறொரு வீட்டைக் காட்டும். பணம் போடும் மெஷினில் பத்து ரூபாய்த் தாளும் சில்லறையும் போகாது. ரொக்கமாகத் தருபவரிடம் முழுத் தொகையை வாங்கி, ரசீதில் வீட்டு எண்ணை எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் டாலரில் அனுப்பினாலும் மாற்று விகிதமும் கட்டணமும் போக ஏதோ ஒரு தொகைதான் வரும். இங்குள்ள என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கிலிருந்து ரூபாயில் அனுப்பச் சொன்னால் அடையாளம் பிழைக்கும்.

இன்னொன்று, ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு வசூல் நடத்துவது. மோட்டார் பணத்தோடு பொங்கல் விழாவுக்கு 500-உம் கேட்கிறீர்கள். ஒன்பதாம் வீட்டுக்காரர் 2,509-ஐயும் 509-ஐயும் கூட்டி ஒரே தடவையாக 3,018 அனுப்புகிறார். அது பதினெட்டாம் வீட்டின் மோட்டார் பணம் எவ்வளவோ அச்சு அசலாக அவ்வளவே. எக்செல்லும் 18 என்றே சொல்லும். 18-காரர் கட்டவே இல்லையென்றால் எண்ணிக்கையும் ஒன்று என்று சரியாகவே காட்டும். அவருக்கு ரசீது போய்விடும், 9-காரருக்குப் பாக்கி நினைவூட்டல் போகும். மோட்டார் வசூலை முடித்து மூடிய பிறகு விழா வசூலை அறிவியுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் விழாப் பணம் வேறொரு கணக்குக்குப் போகட்டும்.