கேஸ் ஆட்டோவா எலக்ட்ரிக் ஆட்டோவா: ஒரே சவாரிக்கு ஒரு நாள் செலவு எவ்ளோன்னு நீங்களே கணக்கு போடுறது எப்படி

எங்க மச்சான் வில்லிவாக்கத்துல பத்து வருஷமா எல்பிஜி கேஸ் ஆட்டோ ஓட்றாரு. எலக்ட்ரிக் வாங்கலாமான்னு யோசிச்சு ஷோரூமுக்கு போனப்ப கிலோமீட்டருக்கு அம்பது பைசா தான் ஆகும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஸ்டாண்டுல வந்து கேட்டா எலக்ட்ரிக் வச்சிருக்கவர் ஒருத்தர் கரண்ட் பில்லே நாலாயிரம் வருதுப்பான்னு புலம்புறாரு. ரெண்டு பேர் சொன்னதையும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியல. அதனால ஒரு நோட்டு வாங்கி மச்சானோட ஒரு நாள் சவாரிய அப்படியே எழுதி, அதே சவாரிய ரெண்டு வண்டியிலயும் ஓட்டுனா என்ன ஆகும்னு கணக்கு போட்டோம். அந்த எலக்ட்ரிக்காரரும் அவர் மீட்டர் கணக்க எங்களுக்கு குடுத்தாரு. அத எப்படி பண்றதுன்னு வரிசையா சொல்றேன், கூட்டல் கழித்தல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

ஸ்டெப் 1: சவாரி கிமீ வேற, ஓடுன கிமீ வேற

காலையில வண்டி எடுக்கும்போது ஓடோமீட்டர எழுதிக்கோங்க, ராத்திரி நிறுத்தும்போது ஒரு தடவ எழுதுங்க. நடுவுல ஒவ்வொரு சவாரிக்கும் ஏத்துன இடத்துல ஒரு ரீடிங், இறக்குன இடத்துல ஒரு ரீடிங். ஒரு வாரம் எழுதுனா போதும், அதுல எது சாதாரண நாளோ அத எடுத்துக்கலாம்.

மச்சானுக்கு அப்படி ஒரு நாள்ல 11 சவாரி, ஆள் ஏத்தி ஓடுனது 68 கிமீ, எம்ட்டியா ஓடுனது 34 கிமீ, மொத்தம் 102. நிறைய பேர் இந்த 102ஐ ரெண்டு வண்டிக்கும் போட்டுடுறாங்க, அங்கயே கணக்கு தப்பிடுது. கேஸ் ஆட்டோ பங்க்குக்கு போய் வரணும், எல்லா பெட்ரோல் பங்க்லயும் கேஸ் கிடையாது, மச்சானுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ 4 கிமீ சுத்து, அப்ப ஒரு நாளைக்கு 2 கிமீ சேர்த்து 104. எலக்ட்ரிக் வண்டி மதியம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் சார்ஜ் ஏத்திட்டு போகணும், போக வர 6 கிமீ, அப்ப 108. சவாரி ஒண்ணு தான், ஆனா ஓட்டம் ஒண்ணு இல்ல.

ஸ்டெப் 2: கேஸ் மைலேஜ் எடுக்கிறது

ஃபுல் டேங்க் அடிச்சு, ஓட்டி, திரும்ப ஃபுல் அடிச்சு, ரெண்டாவது தடவ ஏறுன லிட்டரால ஓடுன கிமீய வகுக்கணும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா எல்பிஜி டேங்க் முழுசா நிரம்பாது, 80 சதவீதம் வந்ததும் உள்ள இருக்கிற வால்வு தானா மூடிக்கும், கேஸ் சூட்டுல விரியறதுக்கு இடம் வேணும்னு அப்படி வச்சிருக்காங்க. அந்த வால்வு எல்லா தடவையும் அதே இடத்துல மூடாது. வண்டி சாய்வா நின்னிருந்தாலோ பம்ப் பிரஷர் மாறுனாலோ கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். அதனால ஒரே ஒரு ஃபில்லிங்க வச்சு மைலேஜ் சொல்லாதீங்க. அதே பங்க்ல, முடிஞ்சா அதே நேரத்துல, நாலு தடவ அடிச்சு மொத்த கிமீய மொத்த லிட்டரால வகுங்க.

மச்சானுக்கு முதல் ஃபில்லிங்ல 25 வந்துச்சு, அடுத்ததுல 19, நாலையும் சேர்த்து பார்த்தா 22. டிராஃபிக்ல நின்னு நின்னு போற சென்னை ஓட்டத்துக்கு இது நியாயமான நம்பர்.

104 கிமீய 22ஆல வகுத்தா 4.73 லிட்டர். லிட்டர் 60 ரூபான்னு வச்சுக்குறேன், நீங்க உங்க பங்க் போர்டுல இருக்கிற விலைய போடுங்க. 284 ரூபா வருது. அப்புறம் இன்னொண்ணு, ரிசர்வுக்கு ஒரு சின்ன பெட்ரோல் டேங்க் இருக்கும்ல, காலையில வண்டி எடுக்க, கேஸ் தீந்து பங்க் வரைக்கும் போகன்னு அது தனியா செலவாகும், யாரும் அத கணக்குல சேக்குறது இல்ல. மச்சானுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 10 ரூபா. ஆக 294.

ஸ்டெப் 3: கரண்ட சுவத்துல அளங்க, டிஸ்ப்ளேல அளக்காதீங்க

பேட்டரி 7.4 யூனிட்னு புக்ல போட்டிருக்கும், அது பேட்டரிக்குள்ள நிக்கிற கரண்ட். சுவத்துல இருந்து இழுக்கிறது அதவிட ஜாஸ்தி, ஏன்னா சார்ஜர் சூடாகுதுல்ல, அந்த சூடும் நம்ம காசு தான். நீங்க ஈபிக்கு கட்டப்போறது சுவத்துல இருந்து போன யூனிட்டுக்கு. அதனால ஒரு எலக்ட்ரீசியன வச்சு ஆட்டோ சார்ஜ் பண்ற 15 ஆம்பியர் பிளக்குக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் போட்டுடுங்க, வாடகை வீட்டுல மாட்டிருப்பாங்களே அதே மீட்டர் தான். ஒயர் அந்த லோடு தாங்குமான்னு அப்பவே பார்த்துக்கச் சொல்லுங்க, மணிக்கணக்கா இழுக்குற லோடு இது, பழைய ஒயர்னா பிளக் உருகிடும்.

இங்கயும் ஃபுல் டு ஃபுல் தான். டிஸ்ப்ளேல 98, 99னு காட்டும்போது புடுங்கிடாதீங்க, சார்ஜர் தானா நிக்கிற வரைக்கும் விடுங்க, கடைசி கொஞ்சம் மெதுவா தான் ஏறும். ஒரு வாரத்துல சப் மீட்டர்ல எத்தன யூனிட் ஓடுச்சோ அதால ஒரு வாரம் ஓடுன கிமீய வகுங்க. அந்த ஸ்டாண்டுக்காரருக்கு யூனிட்டுக்கு 12 கிமீ வந்துச்சு. அப்ப 108 கிமீக்கு 9 யூனிட்.

ஸ்டெப் 4: யூனிட் விலை (இங்க தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க)

9 யூனிட், யூனிட் 4.70, ஆக 42 ரூபான்னு போட்டு முடிச்சிடுவாங்க. அப்படி இல்ல. வீட்டு மீட்டர்ல சார்ஜ் பண்ணா ஆட்டோவோட யூனிட் வீட்டு யூனிட்டுக்கு மேல போய் உக்காருது, மேல போகப் போக ரேட் ஏறுது, பில்லும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ.

2024 ஜூலை ஏத்தத்துல வந்த ரேட் இப்படி: 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், 200 வரைக்கும் 2.35, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500ஐ தாண்டிட்டா அந்த 2.35 போயிடும், 101ல இருந்து 400 வரைக்கும் எல்லாமே 4.70, அப்புறம் 6.30, 501 முதல் 8.40, 601 முதல் 800 வரைக்கும் 9.45, அதுக்கு மேல 1000 வரைக்கும் 10.50. அதாவது 500 தாண்டுன அந்த ஒரு யூனிட்டுக்காக கீழ இருக்கிற 100 யூனிட்டுக்கு 235 ரூபா கூடிடுது.

இப்ப கணக்க பாருங்க. மச்சான் வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 260 யூனிட், பில் 517 ரூபா. மாசத்துல 26 நாள் ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு 52 நாள், நாளைக்கு 9 யூனிட், 468. ரெண்டும் சேர்த்து 728 யூனிட். புது பில்:

```
101-400 : 300 x 4.70 = 1410
401-500 : 100 x 6.30 =  630
501-600 : 100 x 8.40 =  840
601-728 : 128 x 9.45 = 1210
                       ----
                       4090
```

ஸ்டாண்டுல அவர் புலம்புன நாலாயிரம் இது தான், அவர் பொய் சொல்லல. ஆனா அதுல 517 எப்படியும் வீட்டுக்கு கட்ட வேண்டியது. ஆட்டோவால கூடுனது 3573, அத 52 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 69 ரூபா. யூனிட்டுக்கு 7.63 விழுது. வீட்டுல ஏசி இருந்து ஏற்கனவே 450 யூனிட் ஓடுதுன்னா இதே கணக்கு நாளைக்கு 87 ரூபா ஆகும். வீட்டு ஓனர் சப் மீட்டருக்கு யூனிட் 10 ரூபான்னு வாங்குறார்னா 90.

500 தாண்டக் கூடாதுன்னு மிச்சத்த வெளிய சார்ஜ் பண்ணலாமான்னு மச்சான் கேட்டாரு, நல்ல கேள்வி தான், போட்டுப் பார்த்தோம். வீட்டுல 240 யூனிட் மட்டும் ஏத்துனா 1288 ரூபா, மிச்சம் 228 யூனிட்ட வெளிய 15 ரூபான்னு ஏத்துனா 3420, ரெண்டும் சேர்ந்து 4708. வீட்டுலயே முழுசா ஏத்துன 3573 தான் கம்மி. இதுல கார் ஸ்டேஷன் எல்லாத்துலயும் ஆட்டோ பிளக் சேரவும் சேராது, அந்த அலைச்சல் வேற.

ஸ்டெப் 5: சர்வீஸ், அப்புறம் பேட்டரி உண்டியல்

டயரும் பிரேக்கும் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணு தான், விட்டுடலாம். மச்சான் ஒரு வருஷத்துல ஆயில், ஃபில்டர், பிளக், கிளட்ச் கேபிள், கூலின்னு 9000 செலவு பண்ணிருக்காரு, 310 நாளால வகுத்தா 29 ரூபா. எலக்ட்ரிக்காரருக்கு 3000 கூட ஆகல, 10 ரூபான்னு வைங்க.

இப்ப பார்த்தா கேஸ் 323, எலக்ட்ரிக் 79. இங்கயே நிறுத்திட்டு சந்தோஷப்படுறவங்க தான் அஞ்சாறு வருஷம் கழிச்சு பேட்டரி விலைய கேட்டு உக்காந்துடுறாங்க. கேஸ் வண்டிக்காரர் எரிபொருள தினமும் வாங்குறாரு, எலக்ட்ரிக்காரர் அதுல ஒரு பங்க பேட்டரியா முன்கூட்டியே வாங்கி வச்சிருக்காரு, அது தேயுது. அதனால டீலர்கிட்ட இன்னைக்கு பேட்டரி மட்டும் தனியா என்ன விலைன்னு எழுதி வாங்குங்க, வாரண்டி கார்டுல எத்தன கிமீன்னு பாருங்க, விலைய கிமீயால வகுங்க. 1,20,000 ரூபா பேட்டரி, 1,20,000 கிமீ வாரண்டின்னா கிமீக்கு 1 ரூபா, நாளைக்கு 108. வாரண்டி தாண்டியும் பேட்டரி ஓடலாம், அப்ப அது லாபம், ஆனா கணக்குல அத நம்பாதீங்க.

ஆக எலக்ட்ரிக் 187, கேஸ் 323. சவாரி கிமீ 68ஆல வகுத்தா எலக்ட்ரிக் 2.75, கேஸ் 4.75. வித்தியாசம் நாளைக்கு 136 ரூபா. ரெண்டு வண்டிக்கும் மாசத் தவணையில எவ்ளோ வித்தியாசமோ அத 26ஆல வகுத்து இந்த 136 பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஸ்டெப் 6: அதே சவாரி நிஜமாவே ஓட முடியுமா

ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டா அந்த வண்டி நூறு கிமீ பக்கம் தான் போகும், நம்ம நாளோ 108. அதனால மதியம் ஒன்றரை மணி நேரம் சார்ஜ். மச்சான் நோட்டுல மதியம் ஒன்றரையில இருந்து மூணு வரைக்கும் ஒரு சவாரியும் இல்ல, அவர் சாப்பிட்டு தூங்குற நேரம், அதனால ஒண்ணும் போகல. உங்களுக்கு அந்த நேரத்துல ஸ்கூல் சவாரி இருந்து அத விட வேண்டி வந்தா, அந்த காச எலக்ட்ரிக் பக்கம் செலவா எழுதணும். சாயங்காலம் சார்ஜ் கம்மியா இருக்குன்னு தாம்பரம் சவாரிய வேண்டாம்னு சொன்னாலும் அதே தான். ஒரு நாளைக்கு 150 ரூபா சவாரி ஒண்ணு இப்படி போனா அந்த 136 முழுசா போயிடும்.

வாங்குனதுக்கு அப்புறமும் மாசம் ஒரு வாரம் சப் மீட்டர் கணக்க எழுதுங்க. 12 வந்த இடத்துல திடீர்னு 10 வந்தா முதல்ல டயர் காத்து பாருங்க, அப்புறம் வண்டிய தள்ளிப் பாருங்க, பிரேக் ஒட்டிக்கிட்டு இருந்தா கனமா தெரியும். ரெண்டும் சரியா இருந்து, ஒரு ஃபுல் சார்ஜுக்கு ஓடுற கிமீயும் மாசா மாசம் குறைஞ்சுகிட்டே போனா பேட்டரி இறங்குது. வாரண்டி முடியறதுக்கு முன்னாடியே அந்த நோட்டோட சர்வீஸ் சென்டருக்கு போயிடுங்க.