ஒரே டிவி, ஒரே கணினி, ஒரே படிப்பு மூலை: பங்கிடும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் முதலில் போட்ட அட்டவணை பார்க்க ரொம்ப நியாயமாக இருந்தது. மாலை 6 முதல் 10 வரை நான்கு மணி நேரம், இவை தேவைப்படுவது நான்கு பேருக்கு, ஆளுக்கு ஒரு மணி. நான்கே நாளில் சண்டை. தாத்தாவுக்கு விழுந்தது 9 முதல் 10. அவர் பார்க்கும் செய்தியோ 7 மணிக்கு ஆரம்பித்து 7.30க்கு முடிந்துவிடும். என் மனைவிக்கு 8 முதல் 9. அவளுடைய அலுவலகக் கூட்டம் 7.30க்கு. சமமாகப் பங்கிட்டோம், யாருக்கும் உதவவில்லை.

நேரத்தை அளப்பதற்கு முன்னால், எந்த வேலையை நகர்த்த முடியும், எதை முடியாது என்று பார்த்திருக்க வேண்டும். செய்தியும் கூட்டமும் நகராது. பையனின் பாடக் காணொளியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நகராதவற்றை முதலில் எழுதிவிட்டு, மீதி இடத்தில் மற்றவற்றைச் செருகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம், கணினியை அமைதியான மூலையிலேயே வைத்ததுதான். இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் செய்கிறார்கள், மேசை அங்கேதானே இருக்கிறது! ஆனால் அப்படி வைத்தால் இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன. பையன் கணினியில் படம் வரைய உட்கார்ந்தாலும் மூலை போச்சு. மகள் புத்தகம் படிக்க உட்கார்ந்தாலும் கணினி சும்மா கிடக்கும். மகளிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் படிக்கும் மூன்று மணி நேரத்தில் கணினி தேவைப்படுவது முக்கால் மணி நேரம் மட்டும்தான். மடிக்கணினி என்றால் எளிது, கையோடு எடுத்துப் போகலாம். மேசைக்கணினி என்றால் அதை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு, மூலையில் வெறும் மேசையும் விளக்கும் வையுங்கள்.

புதிய ஏற்பாடு இப்படி அமைந்தது. 6 முதல் 7 வரை பையன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கூடத்தில் காணொளி பார்ப்பான். 7 மணிக்குச் செய்தி. அந்த அரை மணியில் மகள் கணக்குப் போடுவாள். 7.30க்கு மனைவி மடிக்கணினியுடன் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், மகள் மூலையில் வாசிப்பாள். கூட்டம் முடிந்ததும் 8.15 முதல் 9 வரை கணினி மகளுக்கு, பிறகு மறுபடி வாசிப்பு. பையனின் வீட்டுப்பாடத்துக்குச் சாப்பாட்டு மேசையே போதும் என்றான். அதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

செய்தி நேரத்தில் ஏன் கணக்கு, ஏன் வாசிப்பு இல்லை? மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் காதுக்குப் பழகிவிடும். பேச்சு அப்படியில்லை. நாம் கவனிக்காவிட்டாலும் மனம் அந்தச் சொற்களின் பின்னால் போகும், படித்த வரியையே திரும்பப் படிப்போம். கணக்கும் கெடத்தான் செய்யும், ஆனால் வாசிப்பு அளவுக்கு இல்லை என்பது மகளின் அனுபவம்.

இங்கே இன்னொரு தவறு, "சத்தத்தைக் குறைங்க தாத்தா" என்று நச்சரிப்பது. வயதாகும்போது முதலில் மங்குவது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகள். ச, ஃப போன்ற மெய்யொலிகள் தெளிவில்லாமல் போவதால், பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்தே கூடும், அவருக்கும் பெரிய பயனில்லை. ஒரு சிறிய ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால், குறைந்த ஒலியிலேயே அவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஹெட்ஃபோன் கொடுப்பதானால் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். பல டிவிகளில் அதைச் செருகியதும் டிவியின் ஸ்பீக்கர் நின்றுவிடும், கூட உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்கு ஒன்றும் கேட்காது.

மூலை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டிவிக்கு எதிரே வேண்டாம். முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் கணினித் திரையில் டிவி வெளிச்சம் பிரதிபலிக்கும். டிவி மாட்டிய அதே சுவரின் கோடியில் மேசையைப் போட்டால் படம் கண்ணில் படாது.

கடைசியாகக் கணினி. எல்லோரும் ஒரே கணக்கில் நுழைவதால் வரும் தொல்லை கொஞ்சமல்ல. ஒருமுறை பையன் "தேவையில்லை" என்று மூடிய சாளரம், மகள் சேமிக்காமல் விட்ட கட்டுரை. ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். எழுந்து போகும்போது பூட்டினால் மட்டும் போதாது. பூட்டிய கணக்கில் திறந்திருக்கும் நிரல்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அடுத்தவருக்குக் கணினி ஊர்ந்துதான் போகும். சேமித்துவிட்டு வெளியேறுவதே முறை. விண்டோஸ் என்றால் Windows Update அமைப்பில் Active hours என்ற இடத்தில் மாலை நேரத்தையும் சேர்த்துவிடுங்கள், கூட்டத்தின் நடுவே கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது.