கிரிட்டிகல் பாத் வினாவுக்கு விடை எழுதும் முறை: ஒரு சமையலறைப் புதுப்பிப்பை முன்வைத்து

சிங்கப்பூரில் பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பட்டப்படிப்பு படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலருக்குத் திட்ட மேலாண்மைப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்றாலும், கருத்தைத் தமிழில் ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் விடைத்தாளில் தடுமாறுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே, கிரிட்டிகல் பாத் பற்றிய 20 மதிப்பெண் வினா ஒன்றை நானே அமைத்து, அதற்கு விடை எழுதும் வரிசையை இங்கே விளக்குகிறேன்.

வினா இதுதான். வீவக வீடு ஒன்றின் சமையலறையைப் புதுப்பிக்க ஏழு வேலைகள் உள்ளன. பழைய ஓடுகளை உடைத்து அகற்ற 3 நாள் ஆகும். அது முடிந்த பிறகு குழாய், மின்கம்பி வேலைக்கு 4 நாள். அதன் பிறகு புது ஓடு பதிக்க 5 நாள். அலமாரிகளைப் பட்டறையில் செய்ய 10 நாள் ஆகும். அந்த வேலையை முதல் நாளிலேயே தொடங்கலாம். ஓடும் பதித்து, அலமாரியும் தயாரான பிறகு அதைப் பொருத்த 2 நாள். குழாய் வேலை முடிந்ததும் விட்டத்துக்கு வண்ணம் பூச 3 நாள். பொருத்தலும் வண்ணமும் முடிந்த பின் ஒப்படைக்க 1 நாள். (அ) திட்டப்பணி, கிரிட்டிகல் பாத், ஃபுளோட் ஆகியவற்றை வரையறுக்கவும்: 6 மதிப்பெண். (ஆ) வலைப்படம் வரையவும்: 6 மதிப்பெண். (இ) மொத்தக் காலத்தைக் கணக்கிட்டு, அலமாரி 3 நாள் தாமதமானால் என்ன ஆகும் என்று விளக்கவும்: 8 மதிப்பெண்.

இரண்டு மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டிய தாள் என்றால், இந்த வினாவுக்கு உங்களிடம் இருப்பது 24 நிமிடம். அதில் வரையறைகளுக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

முதற்படி: வரையறை

ஒவ்வொரு வரையறைக்கும் இரண்டு மதிப்பெண் என்பதால், ஒரு வாக்கியத்தில் பொருளையும் அடுத்த வாக்கியத்தில் வினாவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டையும் எழுதுங்கள். திட்டப்பணி என்பது தொடக்கமும் முடிவும் உடைய, தனித்தன்மை வாய்ந்த ஒரு விளைவை உருவாக்கும் தற்காலிக முயற்சி. இந்தச் சமையலறையைப் புதுப்பிப்பது திட்டப்பணி. அதே சமையலறையை நாள்தோறும் துடைத்து வைப்பது அன்றாடச் செயல்பாடு.

கிரிட்டிகல் பாத் என்றவுடன் ‘மிக முக்கியமான வேலைகளின் வரிசை’ என்று எழுதுபவர்கள் பலர். அது தவறு. தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்லும் பாதைகளில் மிக அதிகக் காலம் எடுத்துக்கொள்ளும் பாதையே கிரிட்டிகல் பாத். அதனாலேயே அது திட்டம் முடியக்கூடிய மிகக் குறைந்த காலத்தைத் தீர்மானிக்கிறது. நீளமான பாதை எப்படிக் குறைந்த காலத்தைக் காட்டும் என்று முதலில் குழப்பமாக இருக்கும். பாதைகள் எல்லாவற்றையும் முடித்தால்தான் வீட்டை ஒப்படைக்க முடியும், ஆகவே கடைசியாக முடியும் பாதைக்காக மற்றவை காத்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஃபுளோட் என்பது, திட்டத்தின் முடிவு நாள் தள்ளிப்போகாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்ற அளவு.

இந்த முறை 1957இல் டுபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களில் உருவானது என்ற வரலாற்றை விரித்து எழுதச் சிலருக்கு ஆசை இருக்கும். வினா கேட்காதவரை அதற்கு மதிப்பெண் இல்லை.

இரண்டாம் படி: படம்

நேரடியாகப் படம் வரையத் தொடங்காதீர்கள். வேலை, நாள், அதற்கு முன் முடிய வேண்டிய வேலை என்று மூன்று பத்திகளில் சிறு அட்டவணை ஒன்றை முதலில் போடுங்கள். பொருத்தலுக்கு முன் முடிய வேண்டியவை ஓடு, அலமாரி என இரண்டு. வினாவை வேகமாக வாசித்தால் இதில் ஒன்று விடுபட்டுவிடும், பிறகு கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். உடைப்பு, அலமாரி என்ற இரண்டு வேலைகளும் முதல் நாளிலேயே தொடங்குவதால், ‘தொடக்கம்’ என்று ஒரு கட்டம் போட்டு இரண்டையும் அதிலிருந்து கிளைக்க விடுங்கள். தாளில் இது ஒரே படமாக இருக்க வேண்டும். இங்கே இணைப்புகளை வரிவரியாகத் தருகிறேன்.

```
தொடக்கம் → உடைப்பு 3 → குழாய் 4 → ஓடு 5 → பொருத்தல் 2 → ஒப்படைப்பு 1
தொடக்கம் → அலமாரி 10 → பொருத்தல்
குழாய் → வண்ணம் 3 → ஒப்படைப்பு
```

படத்தின் கீழே ஓர் அனுமானத்தை எழுதுங்கள்: ‘நாள் என்பது வேலை நாள், கணக்கு 0இல் தொடங்குகிறது.’ இது வெறும் சம்பிரதாயம் அன்று. வீவக வீடுகளில் ஓடு உடைப்பது போன்ற சத்தமான வேலைகளை வாரநாட்களில் மட்டுமே செய்யலாம். ஆகவே வெள்ளிக்கிழமை தொடங்கும் மூன்று நாள் உடைப்பு ஞாயிற்றுக்கிழமை முடியாது, செவ்வாய்க்கிழமைதான் முடியும்.

மூன்றாம் படி: கணக்கு

தொடக்கத்திலிருந்து முன்னோக்கிய கணக்கில், ஒரு வேலைக்குள் வரும் அம்புகள் கொண்டுவரும் முடிவு நாட்களில் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கிய கணக்கில், அதிலிருந்து வெளியேறும் அம்புகள் போய்ச் சேரும் வேலைகளின் தொடக்க நாட்களில் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். இங்கே ES, EF என்பவை மிக முன்னதாகத் தொடங்கி முடியும் நாட்கள். LS, LF என்பவை மிகத் தாமதமாகத் தொடங்கி முடியக்கூடிய நாட்கள். D என்பது வேலைக்கு ஆகும் நாட்கள்.

```
EF = ES + D
LS = LF - D
Float = LS - ES
```

உடைப்பு 3இல் முடிகிறது, குழாய் 7இல், ஓடு 12இல். அலமாரி 10இல் தயாராகிவிடும். பொருத்தல் இரண்டுக்கும் காத்திருக்க வேண்டியிருப்பதால் 10இல் அன்று, 12இல் தொடங்கி 14இல் முடியும். வண்ணம் 10இலேயே முடிந்தாலும் ஒப்படைப்பு 14இல்தான் தொடங்கும். மொத்தம் 15 நாள்.

இப்போது 15இலிருந்து பின்னால் வாருங்கள். ஒப்படைப்பின் LS 14, பொருத்தலின் LS 12, ஓட்டின் LS 7, வண்ணத்தின் LS 11. குழாயிலிருந்து ஓட்டுக்கும் வண்ணத்துக்கும் இரண்டு அம்புகள் போகின்றன. 7, 11 ஆகியவற்றில் சிறியதான 7தான் குழாயின் LF. இங்கே 11ஐ எடுத்துவிட்டால் குழாய்க்கு 4 நாள் ஃபுளோட் இருப்பதுபோல் தோன்றும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை 0 ஃபுளோட் உள்ள பாதையே அகப்படாமல் போனால், பிழை இப்படி ஓர் இடத்தில்தான் இருக்கும். அலமாரி 12க்குள் முடிந்தால் போதும் என்பதால் அதன் LS 2, ஃபுளோட் 2 நாள். வண்ணத்தின் ஃபுளோட் 4 நாள். மற்ற ஐந்துக்கும் 0. ஆகவே கிரிட்டிகல் பாத்: உடைப்பு, குழாய், ஓடு, பொருத்தல், ஒப்படைப்பு.

விடையைச் சரிபார்க்கப் பாதைகளின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். மூன்று பாதைகளும் 15, 13, 11 என வருகின்றன. 15லிருந்து 13ஐக் கழித்தால் அலமாரியின் 2, 11ஐக் கழித்தால் வண்ணத்தின் 4. இரண்டு வழியிலும் ஒரே எண் கிடைத்துவிட்டது.

நான்காம் படி: தாமதம்

அலமாரி 3 நாள் தாமதமானால் திட்டமும் 3 நாள் தள்ளிப்போகும் என்று எழுதினால் இந்தப் பகுதியின் மதிப்பெண் போய்விடும். அலமாரி 13இல் முடிகிறது. பொருத்தல் 13இல் தொடங்கி 15இல் முடியும். ஒப்படைப்பு 16இல் முடியும். தாமதத்தின் முதல் இரண்டு நாட்களை ஃபுளோட் விழுங்கிவிட்டதால், திட்டம் தள்ளிப்போவது 1 நாள் மட்டுமே. இதோடு நிறுத்திவிடாமல், பாதையே மாறிவிட்டது என்பதையும் எழுதுங்கள். இப்போது அலமாரி, பொருத்தல், ஒப்படைப்பு என்பதே 16 நாள் நீளமுள்ள கிரிட்டிகல் பாத். 15 நாள் நீளமுள்ள பழைய பாதையில் உடைப்பு, குழாய், ஓடு ஆகிய மூன்றுக்கும் 1 நாள் ஃபுளோட் கிடைத்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தக்காரர் கூடுதல் ஆளைப் போட விரும்பினால், ஓடு பதிப்பவருக்குத் துணையாக அனுப்பிப் பயனில்லை; பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.