போட்டோவிலிருந்து வெக்டர் கார்ட்டூன்: முகத்தைத் துண்டு போடாதீர்கள், அடுக்குங்கள்

போனில் எடுத்த ஒரு முகப் படத்தை எளிய வடிவங்களால் ஆன ஃபிளாட் கார்ட்டூனாக மாற்றக் கற்றுக்கொள்பவர்கள் தங்கள் ஃபைல்களை எனக்கு அனுப்புவதுண்டு. திறந்து பார்த்தால், ஆரம்பத்தில் நானும் என்னோடு கற்றவர்களும் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் இருக்கின்றன. போட்டோ லேயரை லாக் செய்ய மறப்பது, லேயருக்குப் பெயர் வைக்காமல் விடுவது போன்றவற்றை இரண்டாவது படத்திலேயே தானாகத் திருத்திக்கொள்வீர்கள். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. தானாகத் திருந்தாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். அதிலும் ஒன்றைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கை நீட்டி எடுத்த செல்ஃபி

போனை முகத்துக்கு 30 செ.மீ. தூரத்தில் பிடித்து எடுத்த படத்தில், மூக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும். காது அதைவிட ஏறக்குறைய 12 செ.மீ. பின்னால் இருக்கும். அதனால் மூக்கோடு ஒப்பிட்டால் காது சுமார் 70 சதவீத அளவுக்குச் சுருங்கித் தெரியும். அதே ஆளை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்த விகிதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். போட்டோவில் தோலின் நிறமும் நிழலும் இந்தக் கோணலை ஓரளவு மறைத்துவிடுகின்றன. ஃபிளாட் படத்தில் மறைக்க எதுவும் இல்லை, வடிவம் மட்டும்தான் இருக்கிறது. எனவே மூக்கு பெருத்து, காது சிறுத்து, "இது அவர் மாதிரியே இல்லையே" என்ற பேச்சு வரும். வேறொருவரிடம் போனைக் கொடுத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, 2x ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழட்டும். நிழல் எங்கே போட வேண்டும் என்பதைப் போட்டோவே காட்டிவிடும்.

ஜிக்சா புதிர் போல வெட்டி வெட்டி வரைவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருகிற தவறு. படம் முடிந்த அன்று கண்ணில் படாது. பிறகு யாராவது ஒரு சின்ன மாற்றம் கேட்கும்போதுதான் நாள் முழுவதையும் தின்னும்.

போட்டோவைக் கீழே வைத்து பென் டூலால் வரையத் தொடங்குபவர் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பின்தொடர்கிறார். முகம் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தோடு முடிகிறது, அதனால் முகத்தின் வடிவத்தை அந்த வளைவுநெளிவோடு அங்கேயே முடிக்கிறார். முடியை அதே கோட்டிலிருந்து தொடங்குகிறார். தாடை முடியும் இடத்தில் கழுத்து, கழுத்து முடியும் இடத்தில் சட்டைக் காலர். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு விளிம்புக்கு விளிம்பு பொருந்தி நிற்கிறது. பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும்.

இதில் முதல் சேதம், மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு வடிவங்கள் துல்லியமாக ஒரே கோட்டில் சந்தித்தாலும் அந்தக் கோடு பிக்சல்களின் நடுவே ஓடும். எல்லையில் இருக்கும் ஒரு பிக்சலை முகம் பாதி மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அந்த இடத்தில் பின்னணியையும் முகத்தின் நிறத்தையும் பாதிக்குப் பாதி கலக்கும். அடுத்து முடி வருகிறது; அதுவும் பாதி மூடுகிறது. மீதமிருந்த பாதிப் பின்னணியில் பாதியைத்தான் அது மறைக்கும். ஆக, கால் பங்கு பின்னணி கசிந்து தெரியும். பின்னணி வெள்ளையாக இருந்தால் நெற்றியைச் சுற்றி ஒரு வெளிறிய இழை ஓடும். ஜூம் செய்யும்போது அந்த இழை தோன்றும், மறையும், இடம் மாறும். உங்கள் நோடுகள் எல்லாம் சரியாகவே பொருந்தியிருக்கும், குறை வரைந்த முறையில் இருக்கிறது. அதனால் நோடுகளை எவ்வளவு நேரம் இழுத்துச் சரிசெய்தாலும் போகாது.

இரண்டாவது சேதம்தான் பெரியது. என்னிடம் பழகும் தம்பி ஒருவர் ஒரு பெண்மணியின் முகத்தை இப்படித்தான் வரைந்து கொடுத்தார். அவருக்குப் படம் பிடித்துப்போனது. முன்நெற்றியில் விழும் முடியை மட்டும் ஒதுக்கிப் பின்னால் வாரியதுபோல் மாற்ற முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி, சரியாக அடுக்கிய ஃபைலில் 5 நிமிட வேலை. தம்பி முன்முடியை நகர்த்தினார், அதன் அடியில் நெற்றியே இல்லை. முகம் புருவத்துக்கு மேல் அரித்தெடுத்ததுபோல் நின்றது. நெற்றியை வரைந்தார், நெற்றியின் நிழல் பழைய எல்லையோடு ஒட்டியிருந்தது. அதை மாற்றினார், காது முடியோடு சேர்த்து வெட்டப்பட்டிருந்தது. "அண்ணே, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு உடையுது" என்றார். கடைசியில் படத்தை முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

இதற்கு ஒரே மாற்று, தெரியாத பகுதியையும் வரைவதுதான். ஒவ்வொரு வடிவமும் தனக்கு மேலே இருப்பதற்கு அடியில் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். மேலே சொன்ன முகத்தையே கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் பின்முடி. அது தலைக்குப் பின்னால் தோள்வரை இறங்கும் ஒரே முழுத் துண்டு. முகத்துக்காக நடுவில் ஓட்டை போட வேண்டாம். அதன் மேல் கழுத்து. தாடையில் நிறுத்தாமல் மேலே உதட்டு உயரம்வரை கொண்டுபோங்கள், கீழே சட்டைக்குள் நெஞ்சுவரை இறக்குங்கள். கழுத்தின் மேல் சட்டை. பிறகு காதுகள், இரண்டும் முழு நீள்வட்டம். உள்பாதி முகத்துக்கு அடியில் போய்விடும். அதன் மேல் முகம். இது உச்சந்தலையும் சேர்ந்த முழு முட்டை வடிவம். முகத்தின் மேல் நிழல்கள், அதற்கு மேல் கண், மூக்கு, வாய், பிறகு முன்முடி. கண்ணாடி அணிந்தவரானால் அது எல்லாவற்றுக்கும் மேலே.

தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழலையும் தனியாக வரையத் தேவையில்லை. Inkscape-இல் முகத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் அதே இடத்தில் ஒரு நகல் வரும். அந்த நகலுக்கு நிழல் நிறம் கொடுத்து, முகத்துக்குக் கீழே, கழுத்துக்கு மேலே இருக்கும்படி வைத்து, கொஞ்சம் கீழே இறக்குங்கள். கழுத்துக்கும் ஒரு நகல் எடுத்து, இரண்டு நகல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Path > Intersection கொடுத்தால், கழுத்துக்குள் அடங்கும் பகுதி மட்டும் மிஞ்சும். தாடையின் வளைவு அப்படியே நிழலில் வந்துவிடும். சட்டையின் மேல் வழிந்தால் அந்தத் துண்டைச் சட்டைக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

கண்ணிலும் இதே தவறுதான். இமை மறைக்கும் கருவிழியை வெட்டுப்பட்ட வட்டமாக வரைகிறார்கள். பிறகு பார்வையை லேசாகத் திருப்ப நினைத்தால் வட்டம் வட்டமாக இல்லை. முழு வட்டமாகவே வரைந்து, நடுவில் இருக்கும் கண் பாப்பாவையும் சேர்த்து ஒரு குரூப் ஆக்குங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு ஒரு நகல் எடுத்து அதை மேலே வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து கிளிப் செய்யுங்கள். குரூப்புக்குள் டபுள் கிளிக் செய்து நுழைந்து, கருவிழியையும் பாப்பாவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இழுத்தால் அவை மட்டும் நகரும். இமை தன் இடத்திலேயே இருக்கும். குரூப் ஆக்காமல் கிளிப் செய்தால் கருவிழியோடு இமையின் எல்லையும் சேர்ந்தே நகரும்.

அடுக்கியது சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. முன்முடியையும் பின்முடியையும் மறைத்துப் பாருங்கள். முழு மொட்டைத் தலை ஒன்று, இரண்டு காதுகளோடு, கழுத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நெற்றியில் பள்ளமோ கழுத்தில் இடைவெளியோ தெரிந்தால் அந்த இடம் இன்னும் புதிர்த் துண்டாகத்தான் இருக்கிறது. இழைக் கசிவைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அடியில் பளீர் பச்சை நிறத்தில் ஒரு செவ்வகம் போட்டு ஜூமைக் கூட்டிக் குறையுங்கள். எங்கேயாவது பச்சை எட்டிப் பார்த்தால் அங்கே அடி வடிவத்தை நீட்டுங்கள்.

ஆட்டோ டிரேஸ் பயன்படுத்துவோருக்கும் இதே பிரச்சினை உண்டு. Inkscape-இன் Trace Bitmap-இல் Stack என்ற தேர்வும், Illustrator-இன் Image Trace-இல் Overlapping என்ற தேர்வும் வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதற்காகவே இருக்கின்றன. ஆனால் அவை நிறத்தை வைத்து அடுக்கும், நெற்றி எது, முடி எது என்று அவற்றுக்குத் தெரியாது. கன்னத்து நிழலும் முடியின் ஓரமும் ஒரே துண்டாக வந்து சேரும். முகத்துக்கு டிரேஸை நம்பாதீர்கள்.

ஒரு பிக்சலிலிருந்து தோல் நிறம்

போன் படத்தில் கன்னத்தின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள்கூட ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஐடிராப்பரால் ஒரு புள்ளியைத் தொட்டால், அந்தப் புள்ளியின் இரைச்சல்தான் உங்கள் தோல் நிறமாகும். சாம்பலோ பச்சையோ கலந்திருக்கும். Inkscape-இன் டிராப்பரை ஒரே கிளிக்கில் விடாமல் அழுத்தி இழுத்தால் ஒரு வட்டம் விரியும். அதற்குள் இருக்கும் நிறங்களின் சராசரி கிடைக்கும். கன்னத்தில் அப்படி ஒரு முறை எடுங்கள், போதும்.

நிழலுக்குப் போட்டோவிலிருந்து எடுக்கவே வேண்டாம். அடிப்படை நிறத்தோடு கறுப்பைக் கலக்கவும் வேண்டாம், முகம் அழுக்கேறியதுபோல் ஆகும். நிறத்தைச் சிவப்புப் பக்கம் 8 டிகிரி போலத் திருப்பி, வெளிச்சத்தை 10 புள்ளி குறையுங்கள். உதாரணமாக, #C68642 தோல் என்றால் #A65F32 நிழல். மேலே சொன்ன முகத்தில் தோலுக்கு இந்த இரண்டு நிறங்கள் மட்டுமே இருந்தன. மூக்குக்கு ஒரு பக்க நிழல், ஒரு கன்னம், தாடைக்கு அடி, காதுக்குள் ஒரு சின்ன வளைவு. அவ்வளவுதான்.

நோடு குவிப்பது

முகத்தின் வெளிக்கோட்டுக்கு எட்டு நோடுகளுக்கு மேல் போனால் தாடை நடுங்கும்.

பற்கள்

தனித்தனியாக வரையாதீர்கள். மேல்வரிசை முழுவதும் ஒரே வெள்ளைத் துண்டு.

சிரிப்புக் கோடு

மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கோட்டைப் போட்டால் எந்த முகத்துக்கும் வயது கூடிவிடும். அந்தக் கோடுதான் அவருடைய அடையாளம் என்றால் மட்டும், நிழல் நிறத்தில், பாதி நீளத்துக்குப் போடுங்கள்.

சுருக்கினால் தடிக்கும் கோடு

இமைக்கும் புருவத்துக்கும் ஸ்ட்ரோக் பயன்படுத்தியிருந்தால், படத்தைச் சின்ன ஐகானாகச் சுருக்கும்போது கோடு மட்டும் பழைய தடிமனில் நின்று கண்ணையே மூடிவிடலாம். Inkscape-இன் Preferences-இல் Scale stroke width டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தவருக்குக் கொடுக்கும் ஃபைலாக இருந்தால், அதன் ஒரு நகலில் Path > Stroke to Path கொடுத்து அந்தக் கோடுகளை வடிவமாகவே மாற்றி அனுப்புங்கள். திருத்துவதற்கான மூல ஃபைலில் கோடு கோடாகவே இருக்கட்டும்.