வேக ஓட்டத்துக்குப் பின் படபடக்கும் நாடி: இளம் கால்பந்து வீரன் செய்த தவறுகள்

15 வயதுக் கால்பந்து வீரன் ஒருவன், பயிற்சியின் முடிவில் 30 மீட்டர் வேக ஓட்டத்தை ஆறு முறை, இடையில் சில விநாடிகளே ஓய்வெடுத்து ஓடி முடித்தான். கடைசிக் கோட்டைத் தாண்டியதும் புல்தரையில் மல்லாந்து விழுந்தான். நெஞ்சுக்கூட்டை உடைத்துக்கொண்டு வருவதுபோல் இதயம் அடிக்க, காதுக்குள்ளும் அதே ஓசை கேட்டது. பயந்துபோய் எழுந்தவனுக்குத் தலை சுற்றியது. கழுத்தின் இருபுறமும் விரல்களை அழுத்தி, கட்டைவிரலையும் வைத்துப் பார்த்து, ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணினான். 160-ஐத் தாண்டிய எண்ணைக் கண்டதும், தன் இதயத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றே முடிவு செய்துவிட்டான்.

அவனுடைய இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவன் செய்தவற்றில் பல தவறுகள் இருந்தன.

முதல் தவறு, ஓட்டம் முடிந்தவுடன் அசையாமல் கிடந்தது. ஓடும்போது கால் தசைகளின் இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்திருக்கும். தசைகள் சுருங்கி விரியும்போதுதான் அங்குள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்பட்டு இதயத்துக்குத் திரும்புகிறது. அந்த அசைவு திடீரென நின்றபின் எழுந்து நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, இரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றுகிறது. அவனைக் கவனித்த பயிற்சியாளர், "படுக்காதே தம்பி, மெதுவாக நடந்துகொண்டே இரு" என்று சொன்னதன் காரணம் இதுதான். இரண்டு மூன்று நிமிட மெதுநடை போதும். உண்மையிலேயே மயக்கம் வருவதுபோல் இருந்தால் மட்டும் படுத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கலாம்.

எண்ணிய முறையும் தவறுதான். கழுத்தின் இருபக்கத் தமனிகளையும் ஒரே நேரத்தில் அழுத்துவது மூளைக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கக்கூடும். அங்குள்ள அழுத்த உணர்விகளைத் தூண்டி, துடிப்பையே குறைத்துக் காட்டவும் கூடும். கட்டைவிரலுக்கும் சொந்தத் துடிப்பு உண்டு என்பதால் அது கணக்கைக் குழப்பும். மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு நேராக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைப்பதே எளிய வழி. இன்னொன்று, ஓட்டத்துக்குப் பின் நாடி விநாடிக்கு விநாடி இறங்கிக்கொண்டிருக்கும். முழு நிமிடம் எண்ணினால் உச்சமும் தெரியாது, இறங்கும் வேகமும் தெரியாது. இரண்டும் கலந்த ஒரு சராசரிதான் கிடைக்கும். ஆகவே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும்.

அடுத்த பயிற்சியில் பயிற்சியாளர் அப்படியே எண்ண வைத்தார். ஓடி முடித்தவுடன் 15 விநாடியில் 47 துடிப்புகள், அதாவது நிமிடத்துக்கு 188. ஒரு நிமிடம் நடந்தபின் 37, அதாவது 148. இரண்டு நிமிடம் கழித்து 124. ஐந்து நிமிடம் ஆனபோது 100.

இங்கேதான் பெரும்பாலோர் செய்யும் தவறு வருகிறது: உச்ச எண்ணை ஓய்வுநிலை எண்ணோடு ஒப்பிட்டு மிரள்வது. 15 வயதில் முழு வேக ஓட்டத்தின்போது நாடி 180 முதல் 200 வரை எட்டுவது இயல்பே. உச்ச நாடியைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் தோராயம். ஒரே வயதுடைய இருவருக்குள் பத்துப் பதினைந்து துடிப்பு வேறுபாடு சாதாரணம் என்பதால், சக வீரனின் எண்ணோடு ஒப்பிடுவதிலும் பயனில்லை. அட்ரினலின் தூண்டுதலால் இதயம் வேகமாக மட்டுமன்றி வலுவாகவும் சுருங்குவதால்தான் துடிப்பு நெஞ்சில் உணரப்படுகிறது. ஓட்டம் நின்ற பிறகும் அது உடனே அடங்காது. தசைகளில் செலவான ஆற்றலை நிரப்பவும் உடல் வெப்பத்தை வெளியேற்றவும் இதயம் உழைத்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டியது இறங்கும் விதத்தைத்தான். அவனுக்கு முதல் நிமிடத்தில் 40 துடிப்பு குறைந்தது நல்ல அறிகுறி. வெயில் கடுமையான நாளிலும் தண்ணீர் போதாத நாளிலும் இந்த இறக்கம் மெதுவாகலாம்.

இதற்கு எதிரான தவறும் உண்டு: எல்லாப் படபடப்பும் இயல்பே என்று ஒதுக்கிவிடுவது. உழைப்பால் எழும் துடிப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்பதும், தாறுமாறாகத் தவறித் தவறி அடிப்பதும், நெடுநேரம் ஓய்வெடுத்தும் அடங்காததும் வேறு வகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுதல், உழைக்கும்போது நெஞ்சு வலித்தல், குடும்பத்தில் இளம் வயதிலேயே எவரேனும் திடீரென இறந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், மருத்துவரைப் பார்த்து இதய மின்வரைபடம் எடுக்கும்வரை அந்த வீரனைக் களத்தில் இறக்கக் கூடாது. காய்ச்சலோடு வேக ஓட்டம் ஓடுவதும் கூடாது. சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையையும் பாதிக்கக்கூடும்.