‘மாரடைப்பை 20% குறைக்கும் ஊசி’: செய்தியில் வரும் சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

காலடிப்பேட்டையில் இருக்கும் என் பெரியப்பா, நாளிதழிலிருந்து கத்தரித்த ஒரு செய்தியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைட் ஊசி, மாரடைப்பு அபாயத்தை 20 சதவீதம் குறைக்கிறது என்று அதில் இருந்தது. “அப்படியென்றால் நூறு பேர் போட்டுக்கொண்டால் இருபது பேர் தப்பிப்பார்கள், இல்லையாப்பா?” என்று கேட்டார். நானும் யோசிக்காமல் “ஆமாம் பெரியப்பா” என்றேன். அன்றிரவு மூல ஆய்வின் சுருக்கத்தைப் படித்தபோதுதான், நான் சொன்னது பத்து மடங்குக்கும் மேல் பிசகு என்று தெரிந்தது.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் தனிப்பிழை, ஒப்பீட்டுப் பிழை என்று படித்தோமே, அதே பிரிவுதான் இங்கும். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு ஆபத்து குறைந்தது என்பது தனி அபாயக் குறைவு. முன்பிருந்த அபாயத்தில் எத்தனை பங்கு குறைந்தது என்பது ஒப்பீட்டு அபாயக் குறைவு. எம்.சி. ரோட்டில் ஆடி மாதம் ‘20 சதவீதத் தள்ளுபடி’ என்று பலகை வைப்பார்கள். நூறு ரூபாய்த் துண்டுக்கு அது இருபது ரூபாய். ஐயாயிரம் ரூபாய்ப் பட்டுக்கு ஆயிரம் ரூபாய். பலகையைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, விலைச்சீட்டைப் புரட்ட வேண்டும். மருந்துச் செய்தியில் பெரும்பாலும் பலகை மட்டுமே இருக்கும்.

படி 1: நான்கு எண்களைத் தேடுங்கள்

மருந்து பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு வந்தது, மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வந்தது. செய்தியில் இல்லையென்றால் பப்மெட் தளத்தில் ஆய்வின் தலைப்பைத் தேடினால், இலவசமாகக் கிடைக்கும் சுருக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும்.

```
Semaglutide and Cardiovascular Outcomes in Obesity without Diabetes
```

2023-இல் வெளியான இந்த ஆய்வில் ஊசி பெற்ற 8803 பேரில் 569 பேருக்கும், போலி ஊசி பெற்ற 8801 பேரில் 701 பேருக்கும் பாதிப்பு ஏற்பட்டது. சராசரிக் கண்காணிப்புக் காலம் 39.8 மாதங்கள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள், காலம் சொல்லாத அபாயத்துக்குப் பொருளே கிடையாது. இன்னொன்று: இங்கே பாதிப்பு என்பது மாரடைப்பு மட்டுமல்ல, இதய, ரத்தநாள நோயால் மரணம், உயிர் பறிக்காத மாரடைப்பு, உயிர் பறிக்காத பக்கவாதம் ஆகிய மூன்றில் எது முதலில் வந்தாலும் கணக்கில் சேரும். பெரியப்பா கத்தரித்து வந்த செய்தி மூன்றையும் ‘மாரடைப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தது.

படி 2: ஆயிரம் பேராக மாற்றுங்கள்

சதவீதத்தைவிட ஆயிரம் பேர் என்ற கணக்கு கண்ணுக்குத் தெரியும். 701-ஐ 8801-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 80 பேர்; 569-ஐ 8803-ஆல் வகுத்தால் 65 பேர். இதற்கென்று இணையத்தில் கணிப்பான்கள் உண்டு, எனக்கு அவை பிடிப்பதில்லை. எதை எதனால் வகுக்கிறோம் என்பதை அவை மறைத்துவிடுகின்றன. கைப்பேசிக் கணிப்பானில் உள்ள `%` பொத்தானையும் தொடாதீர்கள்.

நான் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நாற்பதுக்கு இருபத்தைந்து என்று ஆயிரம் கட்டங்களை எல்லையிட்டு, 80 கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி, அவற்றில் 15 கட்டங்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பதினைந்தை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

படி 3: ஒரு கழித்தல், இரண்டு வகுத்தல்

```
80 - 65 = 15
15 / 80 = 0.1875
1000 / 15 = 66.7
```

முதல் வரி தனி அபாயக் குறைவு, அதாவது ஆயிரத்துக்கு 15 பேர். இரண்டாவது வரி ஒப்பீட்டுக் குறைவு. மூன்றாவது, ஏறத்தாழ 67 பேர் மூன்றேகால் ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சிகிச்சைத் திட்டத்தில் இருந்தால் ஒருவருக்குப் பாதிப்பு தவிர்க்கப்படும் என்பதைச் சொல்கிறது.

நான் தடுக்கி விழுந்த இடம் இரண்டாவது வரிதான். செய்தி 20 என்கிறது, எனக்கு 19 வருகிறது. எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் கணக்கை மீண்டும் மீண்டும் போட்டேன். பிழை எதுவும் இல்லை. செய்தியில் வந்த 20, சுருக்கத்தில் `hazard ratio, 0.80` என்று இருப்பதிலிருந்து எடுக்கப்பட்டது. பாதிப்பு வந்ததா என்பதோடு எப்போது வந்தது, ஒவ்வொருவரும் எத்தனை காலம் கண்காணிப்பில் இருந்தார் என்பதையும் அந்த எண் கணக்கில் கொள்கிறது. நம்முடைய எளிய வகுத்தல் அதைச் செய்வதில்லை என்பதால் இரண்டும் ஓரிரு புள்ளிகள் விலகுவது இயல்பே. 19-க்குப் பதில் 40 வந்தால்தான் தவறான எண்ணை எடுத்துவிட்டோம் என்று சந்தேகப்பட வேண்டும்.

படி 4: ஆய்வில் இருந்தவர்கள் யார்?

இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 45 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், எடை மிகுந்தவர்கள், ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ளவர்கள், நீரிழிவு இல்லாதவர்கள். அவர்களின் தொடக்க அபாயமே ஆயிரத்துக்கு 80. என் பெரியப்பாவுக்கு இதய நோய் எதுவும் இல்லை. ஒரு பேச்சுக்கு, அவரைப் போன்றவர்களின் அபாயம் அதே காலத்தில் ஆயிரத்துக்கு 10 என்றும், 20 சதவீதக் குறைவு அவர்களுக்கும் பொருந்தும் என்றும் வைத்துக்கொண்டால், தப்பிப்பவர்கள் ஆயிரத்துக்கு 2 பேர்தான். 67 என்பது 500 ஆகிவிடும். அது பொருந்துமா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவே இல்லை.

இதனால் ஒப்பீட்டு எண்ணை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. வெவ்வேறு தொடக்க அபாயம் உள்ளவர்களிடையே தனி எண்ணைவிட ஒப்பீட்டு எண்ணே அதிகம் மாறாமல் இருக்கும் என்பதால், மருத்துவர்கள் அதை நோயாளியின் சொந்த அபாயத்தோடு பெருக்கிப் பார்க்கிறார்கள். பெருக்க வேண்டிய மற்ற எண்ணைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

படி 5: பக்கவிளைவையும் அதே அளவுகோலில் வையுங்கள்

அதே ஆய்வில், பாதகமான விளைவுகளால் சிகிச்சையை நிறுத்தியவர்கள் ஊசிக் குழுவில் 16.6 சதவீதம், போலி ஊசிக் குழுவில் 8.2 சதவீதம். ஆயிரத்துக்கு 84 பேர் கூடுதல். நன்மையை ‘20 சதவீதம்’ என்று ஒப்பீட்டு எண்ணிலும், இதை ‘8.4 புள்ளிகள்’ என்று தனி எண்ணிலும் எழுதினால் நன்மை பெரிதாகத் தெரியும், நன்மையை ‘1.5 புள்ளிகள்’ என்றும் இதை ‘இரு மடங்கு’ என்றும் எழுதினால் தலைகீழாகும். ஆனால் 15-ஐயும் 84-ஐயும் நேராகக் கழித்துவிடாதீர்கள். வயிற்றுக் கோளாறால் ஊசியை நிறுத்துவதும் பக்கவாதத்தில் விழுவதும் ஒரே எடை கொண்டவை அல்ல.

பின்சேர்க்கை 1: ‘அபாயம் 1.5 சதவீதம் குறைகிறது’ என்று முதலில் எழுதியிருந்தேன். அதுவும் ஒப்பீட்டு எண்ணாகப் படிக்கப்படும் என்று ஒரு வாசகர் பின்னூட்டத்தில் சுட்டிக்காட்டினார், சரிதான். 8.0-இலிருந்து 6.5-க்கு இறங்குவதை ‘1.5 சதவீதப் புள்ளிகள்’ என்றே எழுத வேண்டும், மேலே திருத்திவிட்டேன்.

பின்சேர்க்கை 2: எண்ணூரிலிருந்து எழுதிய வாசகர், 569-ஐ நேராக 701-ஆல் வகுத்தே 0.81 வந்துவிட்டதே, மொத்த எண்ணிக்கை எதற்கு என்று கேட்டார். இங்கே இரு குழுக்களும் ஏறத்தாழ சமம் என்பதால் தற்செயலாக ஒத்துப்போயிற்று. மருந்துக் குழுவில் 2000 பேர், போலி மருந்துக் குழுவில் 1000 பேர் இருந்து, இரண்டிலும் 80 பேருக்குப் பாதிப்பு வந்தால் அவர் வழியில் பலன் பூஜ்யம். உண்மையில் அபாயம் ஆயிரத்துக்கு 80-இலிருந்து 40 ஆகியிருக்கிறது.