விற்ற பெட்டிகளின் கணக்கை மிகைப்படுத்தாமல் பதிவில் போடுவது எப்படி?

"500 பெட்டிகளுக்கு மேல் விற்றுவிட்டோம்!" என்று பதிவு போடுபவர்களில் பலர் பொய் சொல்ல நினைப்பதில்லை. ஆர்டர் பட்டியலின் கடைசியில் இருக்கும் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தொகையில் ரத்தானவையும் இருக்கும், இலவசமாகக் கொடுத்த மாதிரிகளும் இருக்கும். "இத்தனை பேர் வாங்கினார்கள்" என்று காட்டி நம்பிக்கை தேடும் சோஷியல் புரூஃப் பதிவுகளில் வரும் மிகை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் வேலையையும் எழுத்திலிருந்து அல்ல, ஷீட்டிலிருந்து தொடங்குவோம்.

எடுத்துக்காட்டாக, சோப்புகளைப் பெட்டியாக விற்கும் ஒரு சிறு தொழில் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை பட்டியலில் மொத்தம் 538 பெட்டிகள் இருக்கின்றன.

படி 1: ஷீட்டைச் சரிசெய்யுங்கள்

இந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் தனி ஷீட் திறந்து, ஐந்து பத்திகள் வையுங்கள். A-யில் தேதி, B-யில் பெட்டிகள், C-யில் நிலை, D-யில் வகை, E-யில் வாங்கியவரின் தொலைபேசி எண். நிலை என்ற இடத்தில் முடிந்தது, ரத்து, திரும்பியது, கையிருப்பு என்ற நான்கில் ஒன்று வரும். வகையில் நேரடி, கடை, மாதிரி, மாற்று, சோதனை என்பவற்றில் ஒன்று. இந்தச் சொற்களைக் கையால் தட்டாமல், தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தால்கூட, அந்த வரி கணக்கில் வராமல் போகும்.

கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. மூன்று பெட்டிகள் சேர்ந்த காம்போவை மென்பொருள் "1" என்று காட்டினால், B-யில் 3 என்று எழுதுங்கள். மூன்று பெட்டி வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பினால், அந்த ஆர்டரை இரண்டு வரிகளாகப் பிரியுங்கள்: 2 முடிந்தது, 1 திரும்பியது.

படி 2: விற்காதவற்றைக் கழியுங்கள்

நம் எடுத்துக்காட்டில் 538-லிருந்து என்னென்ன போகின்றன என்று பாருங்கள்.

ரத்தான ஆர்டர்கள் 31, திரும்பி வந்தவை 14. மாதிரியாக இலவசமாகக் கொடுத்தவை 22. வழியில் உடைந்ததற்காக மாற்றி அனுப்பியவை 9. முதலில் அனுப்பிய பெட்டி ஏற்கெனவே விற்பனையில் சேர்ந்துவிட்டது, மாற்றுப் பெட்டியையும் சேர்த்தால் ஒரே விற்பனை இரண்டாகிவிடும். இணையதளம் வேலை செய்கிறதா என்று பார்க்க நீங்களே போட்ட சோதனை ஆர்டர்கள் 2.

அடுத்தது கடைகள். "விற்ற பிறகு பணம்" என்ற ஏற்பாட்டில் கடைகளுக்கு 60 பெட்டிகள் கொடுத்தீர்கள். அவற்றில் 25 விற்றிருக்கின்றன, 35 இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. அந்த 35-ஐயும் தனி வரியில் "கையிருப்பு" என்று குறித்துக் கழிக்க வேண்டும். கடைக்காரர் திருப்பித் தர முடியாதபடி காசு கொடுத்து வாங்கியிருந்தால் அது விற்பனைதான். ஆனாலும் "கடைகளுக்கு விற்றது" என்று தனியாகச் சொல்வதே நேர்மை.

எல்லாம் போக மீதி 425. 538 என்று பார்த்தவருக்கு இது கொஞ்சம் வலிக்கும். நேரடி விற்பனையையும் கடை விற்பனையையும் கூகுள் ஷீட்ஸில் இப்படி எடுக்கலாம்:

```
=SUMIFS(B2:B,C2:C,"முடிந்தது",D2:D,"நேரடி")
=SUMIFS(B2:B,C2:C,"முடிந்தது",D2:D,"கடை")
```

முதல் சூத்திரம் 400 காட்டும், இரண்டாவது 25. `B2:B500` என்று எல்லை கட்டி எழுதாதீர்கள். 501-வது வரி சேர்ந்த நாளிலிருந்து எண் தவறாகும், எந்த எச்சரிக்கையும் வராது.

படி 3: பெட்டியா, ஆளா என்று பிரியுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில். 425 பெட்டி என்றால் 425 வாடிக்கையாளர்கள் என்று அர்த்தமில்லை. எத்தனை பேர் என்பதைத் தொலைபேசி எண்ணை வைத்து, கூகுள் ஷீட்ஸில் இப்படி எண்ணலாம்:

```
=COUNTUNIQUE(FILTER(E2:E,C2:C="முடிந்தது",D2:D="நேரடி"))
```

நம் கணக்கில் 187 பேர் வருகிறார்கள். ஒரே எண் ஒரு வரியில் நாட்டுக் குறியீட்டோடும் இன்னொரு வரியில் அது இல்லாமலும் இருந்தால், ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ஆகவே முதலில் முழு ஷீட்டையும் E பத்தியின்படி வரிசைப்படுத்தி, இடைவெளிகளையும் குறியீடுகளையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். கடையில் வாங்கியவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்களை ஆள் கணக்கில் சேர்க்க வழியில்லை.

இதே வரிசையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் வாங்கியவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மறந்துபோய் இரண்டாவது ஆர்டர் போட்டவரை "மறுபடி வந்தவர்" என்று சொல்லக் கூடாது. நமக்கு 64 பேர் கிடைக்கிறார்கள். எங்களைக் கேட்டால், 425-ஐவிட இந்த 64-தான் வலுவான எண். சோப்பு தீர்ந்த பிறகும் தேடி வந்திருக்கிறார்கள் அல்லவா?

படி 4: பெரிய ஆர்டரை எடுத்துவிட்டுப் பாருங்கள்

அந்த 400-இல் ஒரே ஆர்டரில் போன பெட்டிகள் 80 என்று வைத்துக்கொள்வோம். எண் உண்மைதான். ஆனால் படிப்பவர் மனதில் தோன்றுவது வேறு: நிறையப் பேர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதாக நினைப்பார். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆர்டர் இருந்தால் அதைப் பதிவிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது சட்டமல்ல, நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு.

படி 5: திருப்பி அனுப்பும் காலம் முடியட்டும்

15 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தால், மார்ச் 31-இல் பெட்டி கைக்குப் போனவருக்கு ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. ஏப்ரல் 1 அன்றே பதிவு போட்டால், பிறகு திரும்பும் பெட்டிகள் உங்கள் எண்ணைப் பொய்யாக்கிவிடும். கடைசிப் பார்சல்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அதற்கேற்ப இன்னும் சில நாள் பொறுங்கள்.

படி 6: எழுதுங்கள்

> ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 425 பெட்டிகள் விற்றிருக்கின்றன (ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரே வாங்கிய 80 பெட்டிகளும் இதில் சேரும்). எங்களிடம் நேரடியாக வாங்கிய 187 பேரில் 64 பேர் இன்னொரு நாளும் வாங்கியிருக்கிறார்கள்.

எண்ணைத் தோராயமாகச் சொல்ல விரும்பினால் கீழ்நோக்கிப் போங்கள்: "400-க்கும் மேல்" சரி, "கிட்டத்தட்ட 500" சரியல்ல. சதவீதம் வேண்டாம். ஒரு மாதம் 4 பெட்டியும் அடுத்த மாதம் 12 பெட்டியும் விற்றால் அது 200% வளர்ச்சிதான், ஆனால் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது அந்த 4-உம் 12-உம். "ஒரே மணி நேரத்தில் தீர்ந்தது" என்று எழுதினால், இருந்ததே 20 பெட்டிதான் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படமாக ஷீட்டையே காட்டுவதென்றால், E பத்தியை மறைத்துவிட்டுத் திரையைப் படமெடுங்கள். தொலைபேசி எண்களின் மேல் பிறகு கோடு கிழிப்பதை நம்ப வேண்டாம். சில செயலிகளின் மார்க்கர் கோடு பாதி தெரிகிற மாதிரிதான் விழும்.

பதிவு போட்ட அன்றே ஷீட்டின் நகல் ஒன்றைத் தேதியோடு பெயரிட்டு வைத்துவிடுங்கள். ஜூன் மாதம் யாராவது பின்னூட்டத்தில் "இந்த 425 எப்படி வந்தது?" என்று கேட்டால், மாறிக்கொண்டே இருக்கும் ஷீட்டில் அந்த எண்ணை மறுபடி தேட முடியாது. அதே பதிவை ஜூனில் மறுபகிர்வு செய்தாலும் "ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை" என்பதை வெட்டிவிடாதீர்கள். பழைய எண் புதிய மாதத்துக்கானது போலத் தெரியத் தொடங்குவது அந்த வெட்டில்தான்.